ஒரு கதவு, இரண்டு பழுதுகள், ஒரே காரணம்

பழைய கார் வாங்க வருபவர்கள் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள், டயரைத் தட்டிப் பார்ப்பார்கள். மின் சாதனங்களுக்கு வந்தால் நான்கு கண்ணாடிகளையும் ஒரு முறை ஏற்றி இறக்குவதோடு சரி. கண்ணாடி இறங்கினால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிவு. கார்களுக்கு மின்வேலை செய்துவரும் எனக்கு, ஓடாத கண்ணாடியைவிட எப்போதாவது ஓடும் கண்ணாடிதான் அதிகம் சொல்லும்.

சென்ற ஆண்டு ஒருவருக்காகத் தாம்பரம் பக்கம் ஒரு காரைப் பார்க்கப் போயிருந்தேன். 2020இல் தயாரான சிறிய கார். வெளிப்பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினேன். காலை 10 மணிக்கு டாஷ்போர்டில் இருந்த கடிகாரம் 1:40 காட்டியது. பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டினால் பல கார்களில் கடிகாரம் 1:00 அல்லது 12:00இலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும். அப்படியென்றால் நான் வருவதற்கு நாற்பது நிமிடமோ ஒரு மணி நாற்பது நிமிடமோ முன்பு யாரோ இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும். கேட்டேன். "டெர்மினலைச் சுத்தம் செய்தேன் சார்" என்றார் விற்பவர். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எச்சரிக்கை விளக்கு எதையாவது சில நாட்களுக்கு அணைத்து வைக்கவும் இதே வழியைத்தான் பிடிப்பார்கள். அதனால் சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிகின்றனவா, பிறகு அணைகின்றனவா என்று நின்று பார்த்தேன். ஏர்பேக் விளக்கு எரிந்தபடியே இருந்தால் கோளாறு. தொடக்கத்திலேயே எரியவில்லை என்றால் இன்னும் மோசம், அதன் இணைப்பையே யாரோ எடுத்திருக்கக்கூடும். இந்தக் காரில் அது ஒழுங்காக எரிந்து அணைந்தது.

பேட்டரியை மல்டிமீட்டரில் பார்த்தேன்: 12.5 வோல்ட். இன்ஜினை இயக்கியதும் 14.1. இரண்டும் சரியான அளவுகள். கண்ணாடிகளைச் சோதிக்குமுன் இதைப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். நான்கு கண்ணாடிகளும் மெதுவாக ஏறினால் பேட்டரியையோ எர்த் இணைப்பையோ சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் மெதுவாக ஏறினால் கோளாறு அந்தக் கதவுக்குள் இருக்கிறது. பெரும்பாலும் காய்ந்து இறுகிய ரப்பர் தடமோ, தேய்ந்த மோட்டாரோதான்.

ஓட்டுநர் கதவில் ஒரு தொடுதலில் மேலே ஏற வேண்டிய கண்ணாடி பாதியில் நின்றது. இதைக் கோளாறு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. பேட்டரியைக் கழற்றியபின் பல கார்களில் கண்ணாடி எதுவரை ஏற வேண்டும் என்ற நினைவு அழிந்துவிடும். கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஸ்விட்சை மேலே இழுத்தபடி சில விநாடிகள் பிடித்திருந்தேன். அடுத்த முறை தானாக ஏறியது.

இடது முன் கதவில்தான் விஷயம் இருந்தது. ஓட்டுநர் பக்கத்து ஸ்விட்சை அழுத்தினால் அந்தக் கண்ணாடி ஒரு நேரம் இறங்கும், ஒரு நேரம் இறங்காது. "ஸ்விட்ச் தேய்ந்துபோயிருக்கும் சார், மாற்றினால் போதும்" என்றார் விற்பவர். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து அதே கதவில் உள்ள ஸ்விட்சை அழுத்தினேன். அதிலும் அதே கதைதான். ஓட்டுநர் பக்கத்து ஸ்விட்ச் மட்டும் கெட்டிருந்தால் கதவின் சொந்த ஸ்விட்ச் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்திருக்கும். ஆகவே பழுது இரண்டு ஸ்விட்சுக்கும் பொதுவான இடத்தில், அதாவது மோட்டாரிலோ அதற்குப் போகும் வயரிலோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அடுத்து சென்ட்ரல் லாக். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டுதான் இதைச் சோதிப்பேன். சாவி உள்ளே மாட்டிக்கொண்ட அனுபவம் எனக்கும் உண்டு. ரிமோட்டைப் பத்து முறை அழுத்தி ஒவ்வொரு கதவாகப் பார்த்தேன். மூன்று கதவுகள் ஒவ்வொரு முறையும் பூட்டின. இடது முன் கதவு ஏழு முறைதான் பூட்டியது. ஒருமுறை மட்டும் அழுத்திப் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

கண்ணாடிக்கும் பூட்டுக்கும் தனித்தனி மோட்டார். இரண்டும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, கீல் அருகே உடலிலிருந்து கதவுக்குள் நுழையும் வயர்க்கட்டு. மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் அது ஒளிந்திருக்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் அது வளைகிறது. ஆண்டுகள் போகப்போக வெயிலில் இறுகி, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கதவைத் திறந்து, கண்ணாடி ஸ்விட்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டே மற்றொரு கையால் கதவை மெல்ல அசைக்க வேண்டும். கதவு பாதி திறந்திருந்தபோது கண்ணாடி நகர்ந்தது. முழுக்கத் திறந்ததும் நின்றது. மறுபடி பாதி மூடினேன், நகர்ந்தது. அதற்குப்பின் மோட்டாரைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

அதிகம் பழசாகாத காரில் இந்த அளவு வயர் அறுந்திருப்பது எனக்கு உறுத்தியது. விற்பவரிடம் அனுமதி கேட்டு ரப்பர் உறையின் ஒரு முனையை விலக்கினேன். உள்ளே இரண்டு வயர்கள் முறுக்கி இணைக்கப்பட்டு, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. தொழிற்சாலையில் அந்த இடத்தில் இணைப்பு போடுவதில்லை. கீலின் போல்ட்களைப் பார்த்தேன். பெயின்ட்டின் மேல் ஸ்பேனர் பட்ட தழும்பு. கதவு ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது.

பார்க்கிங் சென்சார் மிச்சமிருந்தது. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் பின்பக்கச் சென்சார் கட்டாயம் என்பதால் இதில் நிறுவனமே பொருத்திய சென்சார்தான் இருக்க வேண்டும். இன்ஜினை இயக்காமல், கைப்பிரேக் போட்டு, சாவியைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் வைத்தேன். ஒவ்வொரு சென்சார் மேலும் விரல் நுனியை வைத்தால் மெல்லிய துடிப்பு தெரியும். எல்லாமே துடித்தன. அதோடு விட்டுவிடவில்லை. ஒரு பெரிய அட்டையை எடுத்து ஒவ்வொன்றின் எதிரிலும் கொண்டுபோனேன். காலை நீட்டிச் சோதிப்பது சரியாக வராது, துணி ஒலியை உறிஞ்சிவிடும். மற்றவை ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும்போதே கூவின. இடது மூலைச் சென்சார், அட்டை அரை மீட்டருக்குள் வந்த பிறகே விழித்தது. நகத்தால் வருடிப் பார்த்தேன். அதன் முகத்திலும் சுற்று வளையத்திலும் ஒரே பூச்சாக, தடிமனான பெயின்ட். சென்சாரைக் கழற்றாமலே பம்பருக்கு மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

முன் கதவும் இடதுபுறம், பம்பரின் மூலையும் இடதுபுறம். பக்கவாட்டில் எதுவோ உரசிக்கொண்டு போயிருக்கிறது என்று சொன்னேன். விற்பவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, லாரி ஒன்று உரசியது என்றும், கதவை மாற்றியதாகவும் ஒப்புக்கொண்டார்.

வெள்ளத்தில் நின்ற காராகவும் இருக்குமோ என்ற ஐயம் மட்டும் எஞ்சியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நிறைய கார்கள் நீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன், சேற்றுக் கோடு இல்லை. இருக்கைக்கு அடியில் உள்ள இணைப்பிகளில் பச்சை படியவில்லை. தரைவிரிப்பின் அடியும் காய்ந்திருந்தது. அந்தக் கவலை தீர்ந்தது.

தூணையும் அடிச்சட்டத்தையும் பாடி வேலை தெரிந்த ஒருவர் அளந்து பார்த்து, அடி உள்ளே போகவில்லை என்று சொன்ன பிறகே விலை பேசினார்கள். குறைத்த விலைக்குக் கார் கைமாறியது. வயர் வேலையை நானே செய்தேன். ரப்பர் உறைக்குள் மறுபடி இணைப்புப் போட்டால் சில மாதங்களில் அங்கேயே அறும். அதனால் வளையும் பகுதி முழுவதற்கும் மெல்லிழை வயராகப் புதிதாகப் போட்டு, இணைப்புகளை உறைக்கு வெளியே, ஒன்றைக் கதவுக்குள்ளும் மற்றொன்றை உடல் பக்கத்திலுமாக வைத்தேன். கதவை எந்தக் கோணத்தில் நிறுத்தினாலும் கண்ணாடி இறங்குகிறது, ரிமோட்டுக்குப் பத்துக்குப் பத்தும் பூட்டுகிறது. இடது மூலைச் சென்சாரை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். பெயின்ட்டைச் சுரண்டினால் அதன் மெல்லிய முகம் கெட்டுவிடும்.