குழந்தையைத் துணியில் சுற்றும்போது கால்களை இறுக்க வேண்டாம்

பிறந்து சில நாளே ஆன குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே துணி எதுவும் போடாமல் கால்களைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். முழங்கால் மடங்கியிருக்கும், தொடை வயிற்றுப் பக்கம் உயர்ந்திருக்கும், இரண்டு காலும் தவளைக்கால் போல வெளிப்பக்கம் விரிந்திருக்கும். இழுத்து நிமிர்த்திவிட்டுக் கையை எடுத்தால் மறுபடியும் அப்படியே மடங்கிக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டு ‘கால் கோணலாக இருக்கிறதே, நேராக வைத்து இறுக்கிச் சுற்றினால் சரியாகிவிடும்’ என்று நினைப்பவர்கள் நிறைய பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கருப்பைக்குள் மாதக்கணக்கில் மடங்கியே இருந்ததால் இடுப்பின் முன்பக்கத் தசைகள் குறுகி இருக்கின்றன, அவை தானாகவே சில மாதங்களில் மெல்ல மெல்ல நீண்டுவிடும். அந்தச் சில மாதங்களில்தான் இடுப்பு மூட்டும் உருவம் பெறுகிறது என்பதால், வலிந்து நிமிர்த்தினால் பாதிப்பு மூட்டுக்குத்தான் போகும்.

இடுப்பு மூட்டு ஒரு பந்துகிண்ண மூட்டு. தொடை எலும்பின் உருண்டையான தலைதான் பந்து, இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். பெரியவர்களுக்குக் கிண்ணம் ஆழமாக, கெட்டி எலும்பாக இருக்கும். பிறந்த குழந்தைக்கோ அது ஆழம் குறைவு, பெரும்பகுதி மென்மையான குருத்தெலும்பு. மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களும் அந்த நாட்களில் தளர்வாகவே இருக்கும். கால் மடங்கி விரிந்திருக்கும்போது பந்து கிண்ணத்தின் நடுவில் போய் உட்கார்ந்து சமமாக அழுத்துகிறது, அந்த அழுத்தத்துக்கு ஏற்றபடிதான் கிண்ணம் உருண்டையாகவும் ஆழமாகவும் வளர்கிறது. கால்களை நீட்டி ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? பந்து நடுவை விட்டு வெளிவிளிம்பின் பக்கம் நகர்கிறது, அதே நேரத்தில் குறுகியிருக்கும் முன்பக்கத் தசை இறுகி அதை மேலும் வெளியே தள்ளப் பார்க்கிறது. ஒரு தடவை சுற்றியதால் கெட்டுப்போய்விடாது. ஆனால் தினமும் பல மணி நேரம், வாரக்கணக்கில் இப்படி இருந்தால் மென்மையான விளிம்பு தட்டையாகி, கிண்ணம் ஆழமில்லாமலே நின்றுவிடலாம், சில குழந்தைகளுக்கு மூட்டு நழுவியும் போகலாம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. ஜப்பானில் 1970களின் நடுவில், குழந்தைகளின் கால்களை நீட்டிச் சுற்றாதீர்கள் என்று பாட்டிமார் வரைக்கும் எடுத்துச் சொல்லும் பெரிய முயற்சி நடந்தது. அதற்கு முன்பு நூறு குழந்தைகளில் ஒன்றிலிருந்து மூன்று பேர் வரை இடுப்பு நழுவலோடு இருந்த நாட்டில், பிறகு அது ஆயிரத்துக்கு இரண்டுக்கும் கீழே இறங்கியது.

அப்படியானால் துணியில் சுற்றவே கூடாதா? சுற்றலாம். குழந்தை அமைதியாகத் தூங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மேல்பாதியில்தான் இருக்கிறது. சின்னச் சத்தத்துக்கும் கைகள் இரண்டும் திடுக்கென்று விரியும் ஓர் அனிச்சைச் செயல் பிறந்த குழந்தைகளுக்கு உண்டு, அதிலேயே அவர்கள் விழித்துக்கொள்வார்கள். கைகளை அணைத்தாற்போல் வைத்தால் அது குறைகிறது. கால்களை இறுக்குவதால் இதில் எதுவும் கூடுவதில்லை, ஆகவே மேலே கச்சிதமாக, கீழே தாராளமாக இருந்தால் போதும்.

மெல்லிய பருத்தித் துணி, ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் சதுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலை மேலே வருகிற மாதிரி விரித்து, அந்த மேல் மூலையை ஒரு சாண் அளவுக்கு உள்ளே மடித்து, மடிப்பின் விளிம்பு தோள்மட்டத்தில் வருமாறு குழந்தையை மல்லாக்க வையுங்கள். தலையும் கழுத்தும் துணிக்கு வெளியே இருக்க வேண்டும். வலக்கையை உடலோடு சேர்த்து, முழங்கையை லேசாக மடங்க விட்டு, வலப்பக்கத் துணியை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் இடக்கைக்கு அடியில் விட்டு முதுகுக்குக் கீழே செருகுங்கள். அப்புறம் இடக்கையையும் அப்படியே வைத்து, இடப்பக்கத் துணியை அதற்கு மேலாகக் கொண்டுவந்து மறுபக்கம் முதுகுக்குக் கீழே செருகுங்கள். துணி அவிழாமல் பிடித்துக்கொள்வது இந்தச் செருகல்தான், ஏனென்றால் குழந்தையின் சொந்த எடையே அதன் மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. இது தெரியாமல்தான் பலர், அவிழ்ந்துவிடும் என்று பயந்து கால் பக்கத்தைப் போட்டு இறுக்குகிறார்கள்.

கீழே மிஞ்சும் துணியை இழுக்காதீர்கள். குழந்தை கால்களை மடக்கி விரித்திருக்கும் நிலையிலேயே அதைத் தளர்வாக முறுக்கி, உடலுக்கு அடியில் ஒரு பக்கமாக விட்டால் போதும், கால்களுக்கு அங்கே ஒரு பை மாதிரி இடம் கிடைத்துவிடும்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, மார்புக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல்களை நுழைத்துப் பாருங்கள். நுழையவே இல்லையென்றால் மூச்சு விட நெஞ்சு விரிவது கடினம். விரல்களுக்குப் பதில் கையே போகும் அளவுக்குத் தொளதொளவென்று இருந்தால் துணி மேலேறி மூக்கை மூடிவிடும், அது இன்னும் ஆபத்து. அடுத்து, குழந்தை உதைப்பதைப் பாருங்கள். முழங்கால்கள் மேலே எழும்பி இரண்டு பக்கமும் விலகினால் நல்லது. முழங்கால்கள் ஒட்டிக்கொண்டே இருந்து பாதங்கள் மட்டும் அசைந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். ஒட்டுப்பட்டை வைத்து ஆயத்தமாக விற்கும் சுற்றுத்துணிகளையும் இதே மாதிரிப் பார்த்துதான் வாங்க வேண்டும், கால் பக்கம் குறுகலான குழாயாக இருந்தால் வேண்டாம்.

சுற்றிய குழந்தையை எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், கெட்டியான சமதளப் படுக்கையில், பக்கத்தில் தலையணையோ தளர்ந்த போர்வையோ இல்லாமல். கவிழ்ந்துவிட்டால் கைகள் கட்டுண்ட குழந்தையால் ஊன்றி முகத்தைத் தூக்க முடியாது. அதனால் புரளப் பார்க்கும் முதல் அறிகுறி தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். சில குழந்தைகள் இரண்டு மாதத்திலேயே முயலும், ‘இன்னும் முழுசாகப் புரளவில்லையே’ என்று காத்திருக்க வேண்டாம். சுற்றிய துணியும் ஓர் உடைதான், உள்ளே போடும் சட்டையை அதற்கேற்றபடி குறைத்துக்கொள்ளுங்கள். பிடரியில் வேர்த்திருந்தாலோ, நெஞ்சு சூடாக இருந்தாலோ குழந்தைக்குப் புழுக்கம் என்று அர்த்தம்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் சில குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு பிறவியிலேயே ஆழமில்லாமல் இருக்கும். பிட்டம் கீழே இருக்கும் நிலையில் கருப்பையில் இருந்தவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் பிரச்சினை இருந்தவர்கள், பெண் குழந்தைகள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். சிக்கல் என்னவென்றால், இந்த வயதில் இது வலிக்காது, குழந்தை அழுது காட்டாது. துணி மாற்றும்போது ஒரு தொடை மற்றதைப் போல வெளிப்பக்கம் விரியவில்லை, அல்லது முழங்கால்களை மடக்கிச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தாழ்ந்து தெரிகிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். பிட்டம் கீழே இருந்த குழந்தைக்கு, கைப்பரிசோதனையில் எல்லாம் சரி என்று சொன்னாலும், ஆறு வார அளவில் இடுப்புக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முதல் சில மாதங்களில் மூட்டு பெரும்பாலும் குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது, ஸ்கேனில் தெரியும்.