வீகன் தட்டில் வராத ஒன்று: பி12

பால், தயிர்கூட இல்லாத வீகன் உணவுக்கு மாறியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது புரதத்தைப் பற்றித்தான். பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, சோயா என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்றைச் சேர்த்து வயிறு நிறையச் சாப்பிடுகிறவருக்குப் பெரும்பாலும் அது ஒரு பிரச்சினையே இல்லை. நான் திருப்பிக் கேட்பது, வைட்டமின் பி12 எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்று. கீரை, முளைகட்டிய பயறு, ஸ்பைருலினா என்று பதில் வரும். மூன்றையுமே நம்ப முடியாது. பி12-ஐ உருவாக்குவது பாக்டீரியா. செடிகளுக்கு அது தேவைப்படுவதில்லை, அதனால் அவற்றில் இருப்பதும் இல்லை. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலவே உருவம் கொண்ட, ஆனால் உடம்புக்கு உதவாத சரக்கு. ரத்தப் பரிசோதனை சில சமயம் அதையும் சேர்த்து எண்ணிவிடும் என்பது கூடுதல் தொல்லை.

முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண், வீகனாகி மூன்று நான்கு வருடம் ஆனவர், ஓயாத அசதி என்று வந்தார். ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு; சிவப்பணுக்களின் சராசரி அளவு மட்டும் கச்சிதமாக இயல்பு எல்லைக்குள். நிறையக் கீரை சாப்பிடுங்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அவரும் சாப்பிட்டார். பேசிக்கொண்டிருந்தபோதுதான் பாதத்தில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது, செருப்பு நழுவினால்கூடத் தெரிவதில்லை என்றார்.

இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெரிதாகும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சராசரி நடுவில் வந்து நின்று, எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். அணுக்களின் அளவில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்று சொல்லும் ஆர்.டி.டபிள்யூ அவருக்கு அதிகமாக இருந்தது, துப்பு அங்கேதான். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பி12-உம் பார்த்தோம், இரண்டும் அடிமட்டம். இதில் கீரை, பயறுகளில் தாராளமாக இருக்கும் ஃபோலேட் என்ற வைட்டமினும் ஒரு வேலை செய்கிறது: பி12 குறைவால் வரும் ரத்தசோகையை அது ஓரளவு மூடிவிடும், ஆனால் நரம்புக்கு நேரும் சேதத்தைத் தடுக்காது. கல்லீரலில் இருக்கும் பி12 சேமிப்பு சில வருடங்கள் தாங்கும் என்பதால், மாறிய முதல் வருடத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

சரி, எவ்வளவு வேண்டும்? பெரியவருக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம். மாத்திரையில் 1000 என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். குடல் ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம் அளவில்தான் முறையாக உறிஞ்சும். அதற்கு மேல் போட்டதில் சுமார் நூறில் ஒரு பங்குதான் உள்ளே போகும். அதனால்தான் தினமும் என்றால் 25 முதல் 100 வரை, வாரம் ஒரு முறை என்றால் 2000 என்று கணக்கு. பி12 செறிவூட்டிய சோயா பாலும் உதவும், லேபிளில் அளவைப் பார்த்து ஒரு நாளில் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் குடித்தால். இது குறையே இல்லாதவருக்கான அளவு. பாதம் மரத்துப்போனவர் தானாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது, ஊசி தேவையா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். இவருக்கு ஊசிதான் போட்டார்கள்.

இரும்புக்குத் தட்டிலேயே வழி இருந்தது. பசலைக்கீரையில் இருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது சொற்பம். ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை, பருப்பு, பூசணி விதை இவை மேல். துத்தநாகமும் இவற்றிலேயே வந்துவிடும். அதே வேளையில் எலுமிச்சையோ குடைமிளகாயோ ஆரஞ்சோ இருந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். அவர் சாப்பிட்ட கையோடு டீ குடிப்பவர், அதை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தோம். ஃபெரிட்டின் அவ்வளவு கீழே போயிருந்ததால் மாத்திரையும் தேவைப்பட்டது.

கால்சியத்திலும் பசலைக்கீரை ஏமாற்றும், அதில் இருக்கும் ஆக்ஸலேட் கால்சியத்தை விடாது. முட்டைக்கோஸ், பிராக்கோலி, கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபு, செறிவூட்டிய சோயா பால் இவற்றை நம்பலாம். சோயா பாலில் கால்சியம் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் மேலே வருவது வெறும் பால்தான். ஒமேகா 3-க்கு ஒரு மேசைக்கரண்டி ஆளி விதை, பொடித்து. முழு விதை அப்படியே வெளியே போய்விடும். அயோடினுக்கு அயோடின் கலந்த உப்பு போதும், ஆனால் அயோடின் கலக்காத கல்லுப்பு, இந்துப்பு என்று மாறிக்கொண்டவர்களுக்கு அதுவும் கிடைக்காது.

மூன்று மாதத்தில் அவருடைய ஹீமோகுளோபின் சரியாகிவிட்டது. பாத மரப்பு அதற்கப்புறமும் பல மாதம் இருந்தது. நரம்பு மெதுவாகத்தான் தேறும், ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டால் முழுதாகத் தேறாமலும் போகலாம். ஊசி முடிந்ததும் வாராந்திர மாத்திரைக்கு மாறினார். இப்போது கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறார், அதனால் பி12-ஐ மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன்: தாயிடம் இருப்பு குறைவாக இருந்தால், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குச் சில மாதங்களிலேயே வளர்ச்சி பின்தங்க ஆரம்பித்துவிடும்.