தாடையோடு நிற்கும் பாப் எல்லாருக்கும் பொருந்தாது

பாப் வெட்டிக்கொள்ள வருகிறவர்களில் பலர் போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி, தாடை வரைக்கும்" என்பார்கள். அந்தப் படத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் நீண்ட கழுத்தும் மெல்லிய நேர்முடியும் இருக்கும். நம் ஊரில் அதிகம் பார்ப்பது அடர்த்தியான, லேசாக அலையடிக்கும் முடி. அதைத் தாடையோடு ஒரே மட்டமாக வெட்டினால், காய்ந்ததும் இரண்டு பக்கமும் குடை மாதிரி விரிந்துவிடும். விரியும் இடம் தாடை என்பதால் முகத்தின் அகலமான பகுதியும் அதுவாகத்தான் தெரியும்.

சமீபத்தில் வந்த ஒருவருக்குச் சதுரமான தாடை, குட்டையான கழுத்து, இடுப்பு வரை அடர்ந்த அலைமுடி. கேட்டது தாடை மட்டத்தில் நேர் பாப். முடியை நனைக்கும் முன்பே சீவி, உள்ளே மடித்து கிளிப் போட்டு, அந்த நீளத்தைக் கண்ணாடியில் காட்டினேன். தாடை எலும்பின் முனையிலேயே முடி நிற்பதை அவரே பார்த்தார். நான்கு சென்டிமீட்டர் இறக்கி மறுபடி கிளிப் போட்டதும் கண் அந்த முனையைத் தாண்டிக் கீழே போனது. முன்பக்க நீளம் அப்படி முடிவானது.

பின்பக்கத்தைத் தீர்மானித்தது கழுத்து. குட்டைக் கழுத்தை முடி முழுக்க மூடினால் தலை தோள்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பிடரி கொஞ்சம் தெரிந்தால் கழுத்து நீண்டு தெரியும். ஆனால் அவருக்குப் பிடரியில் முடி மிகக் கீழே வரை முளைத்திருந்தது. மேலே ஏற்றி வெட்டினால் இரண்டே வாரத்தில் குச்சி குச்சியாக நீட்டும். அதனால் முடி முளைக்கும் ஓரத்தை ஒட்டியே பின்பக்கத்தை நிறுத்தி, அங்கிருந்து முன்பக்கத்துக்குச் சாய்வாக இறக்கினேன்.

அடர்ந்த முடியில் பின்பக்கத்தை அடுக்கடுக்காக உயர்த்தி வெட்டக் கூடாது. சீப்பை 45 டிகிரிக்குத் தூக்கி வெட்டினால் பின்மண்டை புடைத்துக்கொள்ளும். பிடரியில் ஒரு விரல் அளவு மட்டும் தூக்கினால் போதும். முடியின் அடர்த்தியைக் குறைக்கும் தின்னிங் கத்தரியையும் நுனிப்பகுதியில்தான் போட வேண்டும். வேர்ப்பக்கம் போட்டால் உள்ளே குட்டையாகும் முடி மேல்முடியைத் தள்ளி இன்னும் உப்ப வைக்கும்.

அலைமுடி நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். அதனால் ஈரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, உலர்ந்த பிறகு மிச்சத்தை வெட்டினேன். தலையைக் குனிய வைத்து வெட்டிய பிடரிக்கோட்டையும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் சரிபார்க்க வேண்டும்.

மெல்லிய முடிக்கு வழியே வேறு. அங்கே லேயர் வேண்டாம், சாய்வும் பெயருக்குத்தான். ஒரே மட்டமாக வெட்டினால்தான் நுனி கனமாகத் தெரியும்.

பார்லரில் ப்ளோ ட்ரை செய்த தோற்றத்தை வைத்து வெட்டு சரியா என்று முடிவு செய்யாதீர்கள். வீட்டில் தலைக்குக் குளித்து, தானாக உலரவிட்டுப் பாருங்கள். பக்கங்கள் தாடையருகே விரிந்தால் நீளம் போதவில்லை, அல்லது நுனியில் கனம் குறையவில்லை. நீளம் போதாததற்கு வளர விடுவதுதான் வழி; மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். கனத்தை அந்த வாரமே போய்ச் சரிசெய்துகொள்ளலாம்.