வேலைக்குப் போகிறவர் ஸ்டாப்லாஸ் எங்கே வைப்பது?

போன வருடம் என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர் ஒரு தனியார் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். ஐந்து நிமிட சார்ட்டைப் பார்த்து இன்ட்ராடே, அதாவது வாங்கியதை அன்றே விற்கும் வர்த்தகம், செய்துகொண்டிருந்தார். "சார், மீட்டிங் முடிஞ்சு வெளிய வரதுக்குள்ள எல்லாம் போயிடுது" என்றார். போகத்தான் செய்யும். சந்தை காலை 9.15க்குத் திறந்து மதியம் 3.30க்கு மூடுகிறது. அவருடைய ஷிஃப்ட்டும் அதே நேரம்தான். ஐந்து நிமிட சார்ட்டில் எடுத்த முடிவுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கவனிப்பு வேண்டும். போதாததற்கு, இன்ட்ராடேயில் வாங்கியதை மதியம் 3.20 வாக்கில் புரோக்கரே விற்றுவிடுவார்.

2024 ஜூலையில் செபி வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 2022-23இல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு 500 தடவைக்கு மேல் வாங்கி விற்றவர்களில் அது பத்துக்கு எட்டாகிறது.

அவரை டெய்லி சார்ட்டுக்கு மாற்றினேன். அதில் ஒரு நாளின் விலை ஏற்ற இறக்கத்துக்கு ஒரே கேண்டில். அது 3.30க்கு முடிந்துவிடும், அதன்பிறகு மறுநாள் காலைவரை மாறாது. ஆகவே இரவு சாப்பிட்டபின் இருபது நிமிடம் உட்கார்ந்தால் போதும். வாங்குவதும் விற்பதும் ஜிடிடி ஆர்டர் மூலம்: விலையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், அந்த விலை வரும்போது புரோக்கரின் சிஸ்டம் ஆர்டரைச் சந்தைக்கு அனுப்பும். பல புரோக்கர்களிடம் இது ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கும்.

எத்தனை ஷேர் என்பதையும் இரவிலேயே கணக்குப் போட்டோம். அவருடைய மூலதனம் 3 லட்சம். ஒரு வர்த்தகத்தில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கக்கூடாது, அதாவது 3,000 ரூபாய். 645இல் வாங்கி, 600க்கு வந்தால் வெளியேறுவது திட்டம்; அந்த 600தான் ஸ்டாப்லாஸ். ஒரு ஷேருக்கு 45 ரூபாய் ஆபத்து. 3,000ஐ 45ஆல் வகுத்தால் 66 ஷேர். கிட்டத்தட்ட 42,600 ரூபாய் முதலீடு. ஸ்டாப்லாஸ் தூரத்தில் இருப்பதால் ஷேர் எண்ணிக்கை குறைகிறது. இன்ட்ராடே பழகியவர்களுக்கு இது முதலில் கசக்கும்.

ஆர்டர் நிறைவேறியது. அன்று இரவே ஸ்டாப்லாஸ் ஜிடிடி போட்டார்: ஆர்டரைக் கிளப்பும் விலையான டிரிகர் 600, ஆர்டரில் எழுதும் விலையான லிமிட் 594. இங்கேதான் தவறு நடந்தது, அதை நானும் கவனிக்கத் தவறிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலையில் கம்பெனியின் காலாண்டு முடிவு வந்தது. மறுநாள் ஷேர் 580இல் திறந்தது. டிரிகர் வேலை செய்தது. ஆனால் சந்தைக்குப் போனது '594க்குக் குறையாமல் விற்கிறேன்' என்ற ஆர்டர். 580இல் இருக்கும் ஷேரை 594 கொடுத்து யார் வாங்குவார்? ஆர்டர் மதியம் வரை தொங்கிவிட்டு, சந்தை மூடியதும் ரத்தானது. ஜிடிடியும் ஒருமுறை சுட்டுவிட்டதால் அதுவும் தீர்ந்தது. டிரிகர் ஆனதாக வந்த செய்தியைப் பார்த்து, விற்றுவிட்டது என்று நினைத்துவிட்டார். நான்கு நாள் கழித்து 548இல் விற்றோம். 3,000 என்று எழுதி வைத்த நஷ்டம் 6,402 ஆனது.

விற்கும் லிமிட் என்பது 'இதற்குக் கீழே வேண்டாம்' என்கிற தரைதான், விற்கும் விலை அல்ல. லிமிட்டை 570 என்று வைத்திருந்தால் அன்று காலை 580ஐ ஒட்டியே போயிருக்கும், நஷ்டம் 4,300க்குள் நின்றிருக்கும். திட்டமிட்ட 3,000ஐவிட அதுவும் அதிகம்தான். இரவில் விழும் இடைவெளியை எந்த ஸ்டாப்லாஸாலும் அடைக்க முடியாது. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் 9.15க்கு முன்னால் விழுந்ததை ஒன்றும் செய்திருக்க முடியாது. அதனால்தான் ஷேர் எண்ணிக்கையைச் சின்னதாக வைக்கச் சொல்கிறேன். முடிவு வரும் தேதி தெரிந்தால் அதற்கு முன்பே பாதியையாவது விற்றுவிடச் சொல்கிறேன்.

இன்னொன்று, டிடிபிஐ. டீமேட் கணக்கிலிருந்து ஷேரை எடுக்கப் புரோக்கருக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதி அது. அது இல்லாவிட்டால், விற்கும் நாளன்று நீங்களே டிபின் என்ற ரகசிய எண்ணைப் போட்டு ஒப்புதல் தரவேண்டும். நீங்கள் ஷிஃப்ட்டில் இருக்கும்போது ஜிடிடி சுட்டால், ஒப்புதல் இல்லை என்று ஆர்டர் திரும்பிவிடும். போனஸோ ஷேர் பிரிப்போ வந்தாலும் பழைய ஜிடிடி ரத்தாகலாம். புதிய விலைக்கு ஏற்ப மறுபடி போடவேண்டும்.

இப்போது அவர் இரவில் சார்ட்டைத் திறப்பதற்கு முன்னால் ஆர்டர் புக்கைத் திறக்கிறார். டிரிகர் ஆனதெல்லாம் நிறைவேறியதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் மற்றது. பகலில் போனில் அந்த ஆப்பின் விலை அறிவிப்புகளை நிறுத்தி வைத்திருக்கிறார். டிரிகர் செய்தி மட்டும் வரும். அது வந்தால், டீ இடைவேளையில் ஒரே ஒருமுறை ஆர்டர் நிலையைப் பார்க்கிறார்.