கருத்தடை ஆபரேஷனில் கருக்குழாயை முழுதாக எடுக்கலாமா? சேலம் பெண்களுக்கு ஒரு விளக்கம்

ஏற்காடு மலையில் இருக்கும் 31 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூத்த குழந்தைக்கு நான்கு வயது, அது சிசேரியன். இரண்டாவது பிரசவமும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிசேரியன்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு கருத்தடை ஆபரேஷனும் செய்துகொள்ளலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

அரசுத் திட்டப்படி அவருக்குத் தகுதி இருக்கிறது. வயது 22-க்கு மேல், 49-க்குள் இருக்க வேண்டும். திருமணமானவராக இருக்க வேண்டும். ஒரு வயது தாண்டிய ஒரு குழந்தையாவது வேண்டும். ஆபரேஷன் இலவசம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கும் மத்திய அரசின் ஈட்டுத்தொகை ரூ.600, மற்றவர்களுக்கு ரூ.250. மலையாளி பழங்குடியினர் சாதிச் சான்றிதழை எடுத்துப் போவது நல்லது. படிவத்தில் அந்தப் பெண்ணின் கையெழுத்து போதும், கணவரின் சம்மதம் கட்டாயம் இல்லை. பிரசவ வலியிலோ மயக்க மருந்து கொடுத்த பிறகோ கையெழுத்து வாங்கக் கூடாது. அதனால் இதைப் பேசிமுடிக்க வேண்டிய இடம் கர்ப்பகாலப் பரிசோதனைதான்.

திட்டத்தில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், இரண்டு கருக்குழாயிலும் ஒரு மடிப்பைக் கட்டி ஒரு சிறு துண்டை வெட்டி எடுப்பார்கள். லேப்ராஸ்கோப்பி என்றால் குழாயைச் சுற்றி வளையம் போடுவார்கள். இரண்டிலும் குழாயின் பெரும்பகுதி உள்ளேயே இருக்கும். இன்னொரு முறையில் இரண்டு குழாயையும் முழுதாக எடுத்துவிடுவார்கள், சினைப்பையைத் தொடமாட்டார்கள்.

முழுதாக எடுப்பதற்கு என்ன காரணம்? சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் அதிகம் வருவதும் அதிகம் உயிரைப் பறிப்பதுமான வகை, பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதில்லை. கருக்குழாயின் ஓரத்தில், முட்டையைப் பிடிக்கும் விரல் போன்ற நுனியில் உருவாகி, அங்கிருந்து சினைப்பைக்கும் வயிற்றுக்கும் பரவுகிறது. வழக்கமான ஆபரேஷனில் அந்த நுனி அப்படியே இருக்கும். அதனால் குழாயைக் கட்டுவதிலும் ஓரளவு பாதுகாப்பு உண்டு என்றாலும், இந்த வகைக்கு அது குறைவு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010-லிருந்து வேறு ஆபரேஷன் நடக்கும்போதே குழாயை எடுக்கச் சொல்லி வருகிறார்கள். சுவீடனில் பல வருடப் பதிவுகளைப் பார்த்தபோது, இரண்டு குழாயும் எடுத்தவர்களிடம் இந்தப் புற்றுநோய் சுமார் 65 சதவீதம் குறைவாக இருந்தது. ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க நம்பகமான பரிசோதனை இல்லாத நோய் இது. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வருடாவருடம் செய்துகூட இறப்பு குறையவில்லை என்பதை பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2021-ல் காட்டியது. அதனால்தான் தடுப்பதற்குக் கிடைக்கும் இந்த ஒரு வாய்ப்பைக் கேட்காமல் விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

சரி, கேட்டால் உடனே செய்துவிடுவார்களா? அது டாக்டரின் தீர்மானம். சிசேரியன் சமயத்தில் குழாயை ஒட்டிய ரத்தக்குழாய்கள் வீங்கியிருக்கும், ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்த வேண்டும், ஆபரேஷன் நேரமும் சில நிமிடம் கூடும். முந்தைய சிசேரியனால் உள்ளே ஒட்டியிருந்தால் முழுதாக எடுக்க முடியாமல் போகலாம். எனவே, “குழாயை முழுதாக எடுங்கள், முடியாவிட்டால் கட்டிவிடுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லி, அதைச் சம்மதப் படிவத்தில் எழுதச் சொல்வது நல்லது.

ஒன்றை மட்டும் நன்றாக யோசிக்க வேண்டும். கட்டிய குழாயைச் சிலருக்கு மறுபடி இணைக்க முடியும். எடுத்த குழாயைத் திரும்ப வைக்க முடியாது. பிறகு குழந்தை வேண்டுமென்றால் சோதனைக்குழாய் முறை மட்டுமே. மாதவிலக்கு எப்போதும்போல வரும், சினைப்பைதான் அதை நடத்துகிறது.

வீட்டுக்கு வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். முழுதாக எடுத்திருந்தால் ‘பைலேட்டரல் சால்பிஞ்செக்டமி’ என்று இருக்கும். ‘டியூபெக்டமி’ அல்லது ‘ஸ்டெரிலைசேஷன்’ என்று மட்டும் இருந்தால், வெறுமனே கட்டியிருக்கலாம். டாக்டரிடமே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு மாதம் கழித்தோ அடுத்த மாதவிலக்குக்குப் பிறகோ தரும் கருத்தடைச் சான்றிதழைக் கட்டாயம் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆபரேஷன் தோற்று மறுபடி கருத்தரித்தால் கிடைக்கும் ரூ.60,000 இழப்பீட்டை, தெரிந்த 90 நாளுக்குள் கேட்க இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம்.

கட்டிகளுக்காகக் கர்ப்பப்பையை எடுக்கப் போகும் பெண்களும் இதே கேள்வியைக் கேட்கலாம். வேறு ஆபரேஷன் எதுவும் இல்லாமல், புற்றுநோயைத் தடுக்க மட்டும் என்று சாதாரணப் பெண்கள் இதற்காக வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. ஆனால் அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது சினைப்பைப் புற்றுநோயோ சின்ன வயதில் மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தால் விஷயம் வேறு. அவர்கள் முதலில் மரபணுப் பரிசோதனை பற்றிப் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பிஆர்சிஏ மரபணுக் கோளாறு இருந்தால் குழாயோடு சினைப்பையையும் எடுப்பதே இன்றைய பரிந்துரை.