வெள்ளியைச் சேர்த்துத் தங்கத்தை அளக்கும் முறை

வளையலின் உட்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் 916 என்ற முத்திரை தெரியும். அதன் 1000 பங்கு உலோகத்தில் 916 பங்குக்குக் குறையாமல் தங்கம் இருக்கிறது என்று பொருள். காரட் கணக்கு இதையே 24 பங்காகச் சொல்கிறது. 22 பங்கு தங்கமும் 2 பங்கு செம்பு, வெள்ளி போன்றவையும் சேர்ந்தால் 22 காரட். 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.9166. (வைரத்துக்குச் சொல்லும் காரட் எடையின் அளவு. பெயர்ப் பொருத்தத்தோடு சரி.)

தங்கத்தின் தூய்மையைக் குறிக்கும் இந்த மாற்றை எப்படி அறிவது? உரைகல்லில் உரசினால் தோராயமாகத் தெரியும். எக்ஸ்ரே கருவி நகையைச் சிதைக்காமல் நொடிகளில் சொல்லிவிடும். ஆனால் அது மேல்தோலை மட்டுமே படிக்கிறது. தடித்த முலாம் அதை ஏமாற்றிவிடும். சந்தேகம் வந்தால் கடைசித் தீர்ப்பு நெருப்பிடம்தான்.

நகையிலிருந்து 250 மில்லிகிராம் சுரண்டி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதனுடன் தங்கத்தைப் போல இரண்டரை மடங்கு வெள்ளியைச் சேர்த்து, ஈயத் தகட்டில் பொதிந்து, மக்னீசியாக் கிண்ணத்தில் வைத்து 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்குகிறார்கள். ஈயம் ஆக்சைடாகிச் செம்பையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிப்போகிறது. எஞ்சுவது தங்கமும் வெள்ளியும் கலந்த சிறு மணி.

தங்கத்தை அளக்க வந்தவர் எதற்காக வெள்ளியைச் சேர்க்க வேண்டும்? இந்த முறையின் சூட்சுமமே அங்குதான் இருக்கிறது. நகையில் முன்பே இருந்த கொஞ்சம் வெள்ளியைத் தங்க அணுக்கள் சூழ்ந்து நிற்பதால் நைட்ரிக் அமிலத்தால் அதை எட்ட முடியாது. வெள்ளி மிகுதியானால் அமிலத்துக்கு வழி திறக்கும். மணியைத் தகடாக்கிச் சுருட்டி அமிலத்தில் கொதிக்க வைத்தால், சேர்த்த வெள்ளியும் பழைய வெள்ளியும் ஒன்றாகக் கரைந்துவிடும். மிஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த பழுப்புச் சுருள். அதைக் கழுவிச் சூடாக்கினால் பொன்னிறம் திரும்பும்.

அந்தச் சுருள் 227.5 மில்லிகிராம் இருந்தால், 250-ஆல் வகுக்க 910 வருகிறது. 6 பங்கு குறைவு. 10 கிராமில் 60 மில்லிகிராம். கண்ணால் பிடிக்கவே முடியாத இந்தக் குறைக்காக 916 முத்திரை மறுக்கப்படும்.

விற்பவரோடு தொடர்பில்லாத ஒருவர் சோதித்து, உலோகத்தின் மாற்றுக்குப் பொறுப்பேற்கிறார் என்பதே ஹால்மார்க் என்னும் இந்த முத்திரை தரும் உறுதி. எடைக்கும் செய்கூலிக்கும் அது பொறுப்பல்ல. கல் பதித்த நகையில் கல்லின் எடையையும் தங்கத்தோடு சேர்த்து நிறுத்துவிட்டால், முத்திரை உண்மையாகவே இருந்தும் வாங்குபவர் கல்லுக்குத் தங்க விலை கொடுத்திருப்பார்.