தலைகீழ் டெலிசினியா, சட்டக மீட்பா?

பழைய படச்சுருளிலிருந்து எடுத்த காணொளி ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பாருங்கள். சாலையில் ஒரு கார் இடமிருந்து வலமாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சொடுக்கில் கார் கொஞ்சம் நகரும், அடுத்ததிலும் நகரும். அப்புறம் ஒரு சொடுக்கில் அசையாமல் அப்படியே நிற்கும். மறுபடி நகரும். ஐந்து சட்டகத்துக்கு ஒருமுறை இதே கதை. ஓடவிட்டுப் பார்த்தால் கார் லேசாகத் தடுக்கித் தடுக்கிப் போவதுபோல் தெரியும்.

உண்மையிலேயே அதே சட்டகம்தானா என்று சந்தேகம் வந்தால் காரைப் பார்க்காதீர்கள், தூசியைப் பாருங்கள். படச்சுருளில் ஒட்டிய தூசி ஒரே ஒரு சட்டகத்தில்தான் தெரியும். சுருள் நகர்ந்ததும் அதுவும் போய்விடும். ஒரே புள்ளி ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் அது நகல்தான். கீறல் இதற்கு உதவாது, அது பல அடி நீளத்துக்கு ஓடும்.

இந்த நகலை நீக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'இன்வர்ஸ் டெலிசினி' என்று பெயர். மென்பொருள் பட்டியல்களில் IVTC என்று சுருக்கமாக இருக்கும். எதற்கு இது தலைகீழ் என்று தெரிய, முதலில் டெலிசினியைப் பார்க்க வேண்டும்.

'டெலி' கிரேக்கச் சொல், தொலைவு என்று பொருள். நம் தொலைக்காட்சியில் இருக்கும் அதே 'தொலை'. 'சினி' சினிமாவின் தலைப்பகுதி. அதன் வேரும் கிரேக்கம்தான், அசைவு என்று பொருள். படச்சுருளில் இருப்பதைத் தொலைக்காட்சிக்கு ஏற்ற காணொளியாக மாற்றும் கருவிக்கும் டெலிசினி என்றே பெயர், அந்த வேலைக்கும் அதே பெயர்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. பேசும்படச் சுருள் நொடிக்கு 24 சட்டகம் ஓடும். அமெரிக்காவின் பழைய என்டிஎஸ்சி தொலைக்காட்சியோ நொடிக்குச் சுமார் 30 சட்டகம் காட்டும். அதுவும் முழுசாக இல்லை. ஒவ்வொரு சட்டகத்தையும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு 60 துண்டுகளாகக் காட்டும். இந்தத் துண்டுக்குத் தமிழில் 'புலம்' என்று எழுதுவதுண்டு. எனக்கு அதில் நிறைவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்து யாருக்கும் வரிகள் நினைவுக்கு வராது. ஜெர்மன்காரர்கள் இதை 'ஹால்ப்பில்ட்', அதாவது அரைப்படம் என்கிறார்கள். நானும் அரைப்படம் என்றே சொல்கிறேன்.

சரி, 24 சட்டகத்தை 60 அரைப்படமாக எப்படிப் பரப்புவது? ஒரு சட்டகத்துக்கு இரண்டரை அரைப்படம் வரும். பாதி அரைப்படம் என்று ஒன்று கிடையாது. அதனால் ஒரு சட்டகத்துக்கு இரண்டு, அடுத்ததற்கு மூன்று, மறுபடி இரண்டு, மறுபடி மூன்று என்று கொடுத்தார்கள். இதுதான் 'புல்டவுன்'. புரொஜெக்டரில் ஒரு நகம் சுருளின் துளையில் மாட்டிக் கீழே இழுக்கும் அல்லவா, அந்த இழுப்பிலிருந்து வந்த பெயர்.

நான்கு சட்டகத்துக்குக் க, ச, த, ப என்று பெயர் வைப்போம். ஒற்றைப்படை வரிகளின் அரைப்படத்தை மேல்வரி என்றும், இரட்டைப்படை வரிகளின் அரைப்படத்தைக் கீழ்வரி என்றும் சொல்வோம். மாற்றிய பிறகு கிடைக்கும் ஐந்து காணொளிச் சட்டகங்கள் இவை: மேல்வரி க, கீழ்வரி க. மேல் ச, கீழ் ச. மேல் ச, கீழ் த. மேல் த, கீழ் ப. மேல் ப, கீழ் ப. அதாவது மூன்று சட்டகம் சுத்தமாக இருக்கும், நடுவே இரண்டில் வேறு வேறு நேரத்து அரைப்படங்கள் கலந்திருக்கும். அந்த இரண்டில் நகரும் காரின் ஓரம் சீப்புப் பல்போலப் பிசிறாகத் தெரியும். இரண்டு சுத்தம், இரண்டு சீப்பு, ஒன்று சுத்தம் என்ற வரிசை கண்ணில் பட்டால் டெலிசினி செய்த காணொளி என்று துணிந்து சொல்லலாம்.

அப்படியானால் முதலில் பார்த்த நகல் எங்கிருந்து வந்தது? யாரோ சீப்புப் பல்லைக் கண்டு பயந்து, கீழ்வரிகளை எறிந்துவிட்டு மேல்வரிகளை மட்டும் வைத்துப் படத்தை நிரப்பியிருக்கிறார்கள். மேல்வரிகளை மட்டும் படியுங்கள்: க, ச, ச, த, ப. இரண்டு ச. தடுக்கல் அங்கேதான். நகல் போதாதென்று படத்தின் பாதி நுணுக்கமும் போயிற்று.

இப்போது நேர் வழி. மேலே உள்ள ஐந்தில் த என்ற சட்டகம் எங்கேயும் முழுசாக இல்லை. அதன் கீழ்வரி மூன்றாவதில், மேல்வரி நான்காவதில். இரண்டையும் எடுத்துச் சேர்த்தால் த முழுசாகக் கிடைக்கும், ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. இப்படி எல்லா இடத்திலும் ஜோடி சேர்த்த பிறகு ஐந்தில் ஒன்று நகலாக மிஞ்சும், அதைக் கழித்தால் பழைய நான்கு. இலவசமாகக் கிடைக்கும் ffmpeg மென்பொருளில் அந்த வேலை இதே வரிசையில் இருக்கிறது:

```
ffmpeg -i in.mpg -vf "fieldmatch,yadif=deint=interlaced,decimate" out.mkv
```

முதல் சொல் ஜோடி சேர்க்கிறது. ஜோடி கிடைக்காமல் சீப்பாகவே நின்றுவிட்ட சட்டகத்தை மட்டும் நடுவில் இருப்பது பூசி மெழுகுகிறது. கடைசிச் சொல் ஐந்தில் ஒன்றைக் கழிக்கிறது. முடிந்த கோப்பு நொடிக்கு 23.976 சட்டகம் என்று காட்டும். 24 ஏன் இல்லை என்றால், வண்ண என்டிஎஸ்சி வந்தபோது 30 என்பது 29.97 ஆகக் குறைந்தது, படச்சுருளும் அதே அளவு மெதுவாக ஓட வேண்டியதாயிற்று. காணொளியின் மொத்த நீளம் மாறாது, ஒலியும் விலகாது.

வரிசையை மாற்றினால் கெட்டுவிடும். முதலில் நகலைத் தேடிக் கழித்தால் சீப்புச் சட்டகங்கள் அப்படியே நிற்கும். அதைவிட மோசம், இரண்டு அரைப்படங்களையும் குழைத்து ஒன்றாக்கியிருப்பது, அல்லது ஜோடி சேர்க்கும் முன்பே படத்தின் உயரத்தைச் சுருக்கியிருப்பது. வரிகள் ஒன்றோடு ஒன்று கலந்துபோன பிறகு எதைப் பிரிப்பது? காருக்குப் பின்னால் ஆவிபோல் இன்னொரு கார் தெரிந்தால் அந்தக் கோப்பை விட்டுவிட்டு மூலநாடாவைத் தேடுங்கள். காணொளியாக மாறிய பிறகு வெட்டி ஒட்டியிருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் வரிசை மாறும். அதை மென்பொருள் பெரும்பாலும் சமாளித்துவிடும். காணொளியிலேயே பின்னால் சேர்த்த, ஓடும் எழுத்துகள்தான் தொல்லை. அவை நொடிக்கு 60 முறை நகரும், படம் 24 முறை. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும்.

வீட்டுப் படங்களில் கணக்கு வேறு. சூப்பர் 8 சுருள் பெரும்பாலும் நொடிக்கு 18 சட்டகம். அதை 30 ஆக்கினால் ஐந்தில் இரண்டு நகல். ஒன்றைக் கழித்தால் 24-இல் நின்றுவிடும், தடுக்கல் போகாது. மீதமுள்ள நான்கில் இன்னொன்றையும் கழிக்க `decimate=cycle=5,decimate=cycle=4` என்று இரண்டு முறை போட வேண்டும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் பழைய தொலைக்காட்சிக்கு PAL என்ற முறை, நொடிக்கு 25 சட்டகம். அங்கே 24 சட்டகச் சுருளை வழக்கமாக 25 ஆக வேகப்படுத்தி ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், பாட்டின் சுருதி கொஞ்சம் ஏறும். நகல் கிடையாது, அதனால் இந்த வைத்தியமும் தேவையில்லை. பழையபடி மெதுவாக்கினால் போதும்.

இனி சொல்லுக்கு வருவோம். 'தலைகீழ் டெலிசினி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. படத்தையே கவிழ்த்துவிட்டதுபோல் ஒலிக்கிறது. கணக்குப் பாடத்தில் இன்வர்ஸுக்கு 'நேர்மாறு' என்று படித்திருக்கிறோம், செய்ததை அப்படியே செய்யாததாக்குவது. 'நேர்மாறு டெலிசினி' பொருளில் சரி, பாதி ஆங்கிலம். 'நகல் நீக்கம்' கேட்க எளிது, ஆனால் த-வை இரண்டு இடத்திலிருந்து பொறுக்கிச் சேர்த்த வேலை அதில் இல்லை. அந்தப் பெயரை நம்பித்தான் பலர் நேரே நகலைக் கழிக்கப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். என் ஓட்டு 'சட்டக மீட்பு' என்பதற்கு. டெலிசினியை டெலிசினி என்றே விட்டுவிடலாம்.